45-ஆம் நாளுக்குப் பிறகு பால் சறுக்கிக்கொண்டே போகிறது: தீவனமா, மாடா, சினை ஊசியா?

கொட்டகைக்காரன்

வணக்கம். என் மாட்டுக்கு இது இரண்டாம் ஈத்து. ஏறக்குறைய 450 கிலோ எடை இருக்கும். கன்று ஈன்று இன்றோடு 86 நாள். காலையும் மாலையும் சேர்த்து நோட்டில் எழுதிய பால் இது:

10-ஆம் நாள் 13 லிட்டர்
20-ஆம் நாள் 15.5
30-ஆம் நாள் 17
45-ஆம் நாள் 19
55-ஆம் நாள் 17.5
65-ஆம் நாள் 15.5
75-ஆம் நாள் 14
85-ஆம் நாள் 13

19 வரை ஏறியபோது நல்ல மாடு என்று சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு இப்படி இறங்குகிறது. இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்ற கணக்கைத் தவறாமல் பின்பற்றுகிறேன். உச்சத்தில் 8 கிலோ கொடுத்தேன், இப்போது 5 கிலோ. பசுந்தீவனம் 20 கிலோ, வைக்கோல் 5 கிலோ. 58-ஆம் நாள் லேசாகப் பருவம் தெரிந்தது, ஊசி போட்டோம். 80-ஆம் நாள் திரும்பி வந்துவிட்டது. இது மாட்டின் பரம்பரைக் குணமா, என் தவறா? அடுத்த பருவத்தில் ஊசி போடலாமா, பால் இறங்குவது நின்றபின் பார்க்கலாமா?

பழைய_கறவை

உச்சப் பாலை 200-ஆல் பெருக்கினால் அந்த ஈத்தின் மொத்தப் பால் வந்துவிடும். 19 என்றால் 3,800 லிட்டர். எங்கள் காலத்தில் இப்படித்தான் மாட்டை மதிப்போம், பெரிதாகத் தவறியதில்லை. உச்சத்துக்குப் பிறகு எல்லா மாடும் இறங்கத்தான் செய்யும். கவலைப்படாதீர்கள் தம்பி.

கன்றுக்குட்டி

என் கேள்வியும் இதேதான். என்னிடம் இருப்பது தலை ஈத்துக் கிடேரி, 12 லிட்டருக்கு மேல் ஏறவே இல்லை. கூடவே கன்று ஈன்ற இன்னொரு மாடு 16 லிட்டர் கறந்தது. 200 கணக்குப்படி பார்த்தால் கிடேரி 800 லிட்டர் குறைவாகத் தரும். விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு.

பால்நோட்டு

கன்றுக்குட்டி, உங்கள் கிடேரியை விற்கும் பேச்சை ஒரு வாரம் தள்ளிவையுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கொட்டகைக்காரன் தம்பிக்கு மூன்று கேள்விகள்.

கன்று எத்தனை நாள் தாயிடம் குடித்தது? நோட்டில் உள்ள பாலில் அது சேர்ந்திருக்கிறதா?

45-க்கும் 55-க்கும் இடையில் பால் ஒரே வேளையில் இறங்கியதா, நாளுக்குக் கொஞ்சமாக இறங்கியதா? ஒரே வேளையில் 2 லிட்டர் போனால் நான் மடியைத்தான் முதலில் தடவுவேன். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரிதிரியாக வருகிறதா என்று பாருங்கள்.

தீவனத்தை எந்தெந்த நாளில் குறைத்தீர்கள்? அந்தத் தேதிகளும் நோட்டில் இருந்தால் எழுதுங்கள். இதுதான் எனக்கு முக்கியம்.

பழைய_கறவை ஐயா சொன்ன 200 கணக்கு ஒழுங்காக இறங்கும் மாட்டுக்குச் சரி. இந்த மாடு ஒழுங்காக இறங்கவில்லை, அதனால் 3,800 என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொட்டகைக்காரன்

அக்கா, நோட்டைப் புரட்டினேன்.

கன்று 40-ஆம் நாள் வரை ஒரு காம்பில் குடித்தது. வேளைக்கு ஒன்றேகால் லிட்டர் இருக்கும், நாளுக்கு இரண்டரை. அதை எழுதவே இல்லை. 40-க்குப் பிறகு வாளியில் பிரித்துவிட்டோம்.

மடி சுத்தம். நான்கு காம்பிலும் திரி இல்லை, வீக்கம் இல்லை, சூடும் இல்லை.

46-ஆம் நாள் 19 லிட்டர். 47, 48-ல் வழக்கமாகக் கறப்பவர் வரவில்லை, மைத்துனர் கறந்தார். 48-ல் 17.8 வந்தது. பால் குறைந்ததே என்று 49-ல் தீவனத்தை 8-லிருந்து 7.5 ஆக்கினேன். 52-ல் 7 கிலோ. 60-ல் 6.5. 66-ல் 6. 76-ல் 5.5. 83-ல் 5. ஒவ்வொரு முறையும் பாலுக்கு ஏற்றபடிதான் குறைத்தேன்.

பால்நோட்டு

இப்போது தெளிவாகத் தெரிகிறது. இரண்டு விஷயம், இரண்டும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

ஒன்று, கன்று. 20-ஆம் நாள் நீங்கள் எழுதியது 15.5, மாடு சுரந்தது 18. 30-ஆம் நாள் எழுதியது 17, சுரந்தது 19.5. அதாவது உச்சம் 45-ல் வரவில்லை. 30-க்கும் 40-க்கும் இடையில், கன்று குடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து போய்விட்டது. 45-ல் பார்த்த 19 ஏற்றமே இல்லை, கன்றின் பங்கும் உங்கள் பாத்திரத்துக்கு வந்ததால் ஏறியதுபோல் தெரிந்தது. நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சம் வருவது இயல்பு, அதில் குறையில்லை. ஆனால் அந்த நாட்களில் நீங்கள் தீவனத்தை 17 லிட்டருக்குக் கணக்கிட்டீர்கள், மாடு 19.5 லிட்டர் சுரந்தது. மீதியை அது தன் முதுகிலிருந்தும் இடுப்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்தது.

இரண்டு, 49-ஆம் நாள். புதுக்கை கறந்ததால் இரண்டு நாள் பால் அடங்கியது. மடியில் மிச்சம் நின்றிருக்கும். பழைய கை திரும்பி வந்ததும் சரியாகியிருக்கும். அதற்குள் தீவனத்தைக் குறைத்தீர்கள். தீவனம் குறைந்ததால் பால் குறைந்தது. பால் குறைந்ததால் தீவனத்தை மறுபடி குறைத்தீர்கள். ஆறு முறை இப்படி நடந்திருக்கிறது. மாடு இறங்கவில்லை தம்பி, கையைப் பிடித்து இறக்கியிருக்கிறோம். கோபப்படாதீர்கள். இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் அது எந்தப் பாலுக்கு என்று சொல்வதில்லை. நேற்று வாளியில் விழுந்த பாலுக்கு இல்லை, இந்த நாளில் இந்த மாடு கறந்திருக்க வேண்டிய பாலுக்கு.

அதைக் கணக்கிடுவது எளிது. இரண்டாம் ஈத்துக்கு மேற்பட்ட மாடு உச்சத்துக்குப் பிறகு மாதத்துக்கு 8 முதல் 10 விழுக்காடு இறங்கும். தலை ஈத்து அதைவிடக் குறைவாக இறங்கும், சில 5 அல்லது 6 விழுக்காட்டில் நிற்கும். உங்கள் உச்சம் 35-ஆம் நாள் 19.5 என்று வையுங்கள். மாதத்துக்கு 8 விழுக்காடு என்றால் 65-ஆம் நாள் 18, 85-ஆம் நாள் 17 இருக்க வேண்டும். உங்கள் நோட்டில் 15.5, 13. இந்த 50 நாளில் நீங்கள் இழந்த வேகம் மாதத்துக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல். அப்படியே விட்டால் 200-ஆம் நாள் 5 லிட்டருக்கு வந்துவிடும்.

உச்சமே தாழ்ந்திருந்தால் நான் கன்று ஈனுவதற்கு முந்தைய நாட்களைக் கேட்பேன்: எத்தனை நாள் வற்றவிட்டீர்கள், ஈனும்போது மெலிந்திருந்ததா, பால் காய்ச்சல் வந்ததா என்று. உச்சம் நன்றாக வந்து பிறகு அதிகம் இறங்காமல் நின்று கறக்கவில்லை என்றால், உச்சத்துக்குப் பிந்தைய தீவனத்தையும் மடியையும் கேட்பேன். உங்களுடையது இரண்டாவது வகை.

கணக்குப்பிள்ளை

இதற்கு ஒரு சமன்பாடே இருக்கிறது. 1967-இல் உட் என்பவர் வெளியிட்டது, இன்றும் பயன்படுகிறது:

```
y = a * t^b * e^(-c*t)
```

t என்பது ஈன்றபின் எத்தனையாவது வாரம், y அன்றைய பால். b ஏற்றத்தையும் c இறக்கத்தையும் காட்டும். b-ஐ c-ஆல் வகுத்தால் உச்சம் வரும் வாரம் கிடைக்கும். b 0.2, c 0.03 என்றால் உச்சம் 6.7-ஆம் வாரம். கொட்டகைக்காரன் கொடுத்த எட்டுப் புள்ளிகளையும் கணினியில் போட்டு வளைவைப் பொருத்தித் தரட்டுமா?

பால்நோட்டு

போடுங்கள், ஆனால் முதல் மூன்று புள்ளிகளில் கன்றின் இரண்டரை லிட்டரைச் சேர்த்துவிட்டுப் போடுங்கள். சேர்க்காவிட்டால் உச்சத்தை ஒன்றிரண்டு வாரம் தள்ளிக் காட்டும். கன்று குடித்த பண்ணைகளின் பதிவில் இந்தச் சமன்பாடு பிழைபடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறு சமன்பாட்டில் இல்லை, நோட்டில் இருக்கும்.

இன்னொன்று. இந்த மாட்டின் இறக்கம் பட்டினியால் வந்தது. அதை c என்று எழுதிவைத்தால் நாளைக்கு மாட்டின் குணம் என்று படித்துவிடுவோம்.

பழைய_கறவை

நான் உச்சத்தைப் பற்றிச் சொன்னதை அக்கா ஒதுக்கிவிட்டார், பரவாயில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். போன பால் திரும்பாது. உச்சம் தாண்டிய மாட்டுக்கு எவ்வளவு கொட்டினாலும் சதைதான் ஏறும். நான் கண்ணால் பார்த்தது. தீவனத்தை வீணாக்காதீர்கள்.

பால்நோட்டு

ஐயா, பாதி உண்மை. 19.5 திரும்பாது. ஆனால் இறங்கும் வேகத்தை மாற்றலாம், ஒன்று ஒன்றரை லிட்டர் மீட்கவும் செய்யலாம். 85-ஆம் நாளில் இருக்கும் மாடு இன்னும் தீவனத்துக்குப் பதில் சொல்லும், 200-ஆம் நாளில் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். மாடு தீனி எடுக்கும் அளவு பாலின் உச்சத்துக்குப் பிறகு, 10 முதல் 12-ஆம் வாரத்தில்தான் முழு அளவை எட்டும். இந்த மாடு இப்போது 12-ஆம் வாரத்தில் நிற்கிறது. வயிறு தயாராக இருக்கும் நேரத்தில் தொட்டி காலியாக இருக்கிறது.

சதை ஏறுவதும் இந்த மாட்டுக்கு வீண் இல்லை. கொட்டகைக்காரன், உடம்பு எப்படி இருக்கிறது? இடுப்பு எலும்புக்கும் வால்பக்க எலும்புக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கொட்டகைக்காரன்

குழிவாக இருக்கிறது அக்கா. என் உள்ளங்கை அப்படியே உட்காருகிறது. விலா எலும்பு பின்பக்கம் ஆறேழு எண்ண முடிகிறது. ஈன்றபோது வழவழவென்று இருந்தது, மருத்துவர் அப்போது உடம்புக்கு ஐந்துக்கு மூன்றேகால் மதிப்பெண் போட்டார். பாலின் கொழுப்பு 15-ஆம் நாள் 4.7 இருந்தது, இப்போது 3.8.

பால்நோட்டு

முதல் மாதக் கொழுப்பு 4.7 என்பதைக் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். அதில் ஒரு பங்கு உடம்புக் கொழுப்பு கரைந்து வந்தது. இப்போது மாடு ஒரு மதிப்பெண் இழந்து இரண்டேகாலுக்கு வந்திருக்கும். அரை மதிப்பெண் இழப்பதைத் தாங்கலாம், ஒன்று அதிகம். 58-இல் பருவம் மங்கலாகத் தெரிந்ததும், சினை பிடிக்காததும், பால் சறுக்கியதும் ஒரே கிளையில் காய்த்தவை.

நான் செய்வது இது.

முதலில் வைக்கோலில் கை வைப்பேன். 5 கிலோவை 3 ஆக்கி, அந்த இடத்தை இளசான பசுந்தீவனத்தால் நிரப்புவேன். கதிர் முற்றியதைப் போட்டால் பயன் இல்லை. கலப்புத் தீவனத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ ஏற்றுவேன், 7.5 வரை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மூன்று நாள் சராசரிப் பாலைப் பார்ப்பேன். இரண்டு ஏற்றத்துக்குத் தொடர்ந்து பால் அசையவில்லை என்றால் அங்கே நிறுத்துவேன்.

8 கிலோவை முன்பு இரண்டு வேளையில் கொடுத்தீர்களா? வேளைக்கு 4 கிலோ மிக அதிகம், வயிறு புளித்துவிடும். நான்கு வேளையாகப் பிரியுங்கள், ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டாதீர்கள். படுத்து அசை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு கவளத்தை விழுங்குவதற்குள் 50 முதல் 60 முறை மெல்ல வேண்டும். 40-க்குக் கீழே போனாலோ, சாணம் நீர்த்து நுரைத்துத் தானியம் தெரிந்தாலோ, ஏற்றுவதை நிறுத்திவிட்டு நார்த்தீனியைக் கூட்டுங்கள்.

குறைக்கும் நேரம் வரும்போது வாரச் சராசரியைப் பார்த்துக் குறையுங்கள், ஒரு நாள் வாளியைப் பார்த்துக் குறைக்காதீர்கள்.

ஊசிக்காரர்

நான் சினை ஊசி போடுபவன், அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். 80-இல் பருவம் வந்தால் அடுத்தது 101-ஐ ஒட்டி வரும். அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஒரு பருவத்தை விட்டால் 21 நாள் போச்சு. கணக்கு எளிது: சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஈனுவதற்கு முன் 60 நாள் வற்றவிடுகிறோம். ஆக, சினை பிடித்த நாளோடு 220 கூட்டினால் எத்தனை நாள் கறப்போம் என்று கிடைக்கும். 85-இல் பிடித்தால் 305 நாள் கறவை. 101-இல் பிடித்தால் 321. 150-இல் பிடித்தால் 370. நின்று கறக்காத மாட்டை 370 நாள் வைத்திருந்தால் கடைசி நூறு நாள் தீவனத்துக்கே பால் போதாது. இந்த மாட்டை முடிந்த அளவு சீக்கிரம் சினையாக்க வேண்டும்.

பழைய_கறவை

இரண்டேகால் மதிப்பெண்ணில் ஊசி போட்டால் நிற்காது. மருந்து வீண். மாடு தேறட்டும், 122-இல் போடலாம். பருவத்தில் வெளிவரும் முட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே வளரத் தொடங்கியது என்பார்கள். அப்போது மாடு பட்டினியில் இருந்தது. அந்த முட்டையை வைத்து என்ன செய்ய?

ஊசிக்காரர்

முட்டையைப் பற்றி அப்படி ஒரு கருத்து உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் மெலிந்த மாட்டில் சினை பிடிக்கும் வாய்ப்புதான் குறைகிறது, இல்லாமல் போவதில்லை. நான் பார்ப்பது மாடு எந்தப் பக்கம் போகிறது என்பதை. இறங்கிக்கொண்டிருக்கும் இரண்டரையைவிட ஏறத் தொடங்கிய இரண்டேகால் எனக்கு நல்லது. பருவம் தெளிவாக இருந்து, கண்ணாடிபோல் சளி தொங்கினால் நான் போடுவேன்.

பால்நோட்டு

இதில் இருவருக்கும் நடுவே நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் கொட்டகையில் இரண்டு விதமும் பலித்திருக்கிறது, இரண்டும் பொய்த்திருக்கிறது. 101-க்கு முன் பால் இறங்குவது நின்றிருந்தால் நான் போடுவேன். அந்த ஒரு அடையாளம் எனக்குப் போதும்.

கன்றுக்குட்டி, இப்போது உங்கள் கிடேரி. ஈன்று எத்தனை மாதம்? மாதாமாதம் எவ்வளவு கறந்தது?

கன்றுக்குட்டி

நான்கு மாதம் முடிகிறது. கிடேரி: முதல் மாதம் நாளுக்கு 11, அடுத்து 12, 11.4, 10.8. மாடு: 14, 16, 13.8, 11.8.

கணக்குப்பிள்ளை

இதை நான் போட்டுத் தருகிறேன். கிடேரி மாதத்துக்கு 5 விழுக்காடு இறங்குகிறது, மாடு 14. இதே வேகத்தில் பத்து மாதம் போனால் கிடேரி பத்தாம் மாதத்தில் நாளுக்கு 8 லிட்டர் கறக்கும், மாடு 5-க்குச் சற்றுக் கீழே. மாதத்துக்கு முப்பதரை நாள் என்று வைத்துக் கூட்டினால் கிடேரி ஏறக்குறைய 3,040 லிட்டர், மாடு 3,020. உச்சத்தில் 4 லிட்டர் குறைவாக இருந்த கிடேரி சமமாக வந்து நிற்கிறது.

பால்நோட்டு

அதுவும் தலை ஈத்தில். தலை ஈத்தின் உச்சம் வளர்ந்த மாட்டின் உச்சத்தில் முக்கால் பங்குதான் இருக்கும், உடம்பும் இன்னும் வளர்கிறது. அடுத்த ஈத்தில் அதன் உச்சம் ஏறும். வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அந்த 14 விழுக்காட்டு மாட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் தனியாக எழுதுங்கள்.

கன்றுக்குட்டி

வீட்டில் காட்டினேன் அக்கா, விற்கவில்லை. கிடேரி இப்படி நின்று கறப்பதால் சினை ஊசியைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டாலும் நஷ்டம் இல்லையா?

ஊசிக்காரர்

நின்று கறக்கும் மாட்டுக்குத் தாமதம் பெரிதாக வலிக்காது என்பது உண்மை. 150-இல் பிடித்து 370 நாள் கறந்தாலும் கடைசியில் 7 லிட்டருக்கு மேல் தரும். ஆனாலும் நான் வேண்டுமென்றே தள்ள மாட்டேன். நீங்கள் 100-இல் தொடங்கலாம் என்று நினைப்பீர்கள், மூன்று முறை திரும்பி வந்தால் 160 தாண்டிவிடும்.

பால்நோட்டு

தலை ஈத்துக்கு நான் ஒரு பருவம் தள்ளித்தான் தொடங்குவேன். அது வளரவும் வேண்டும். இதில் ஊசிக்காரர் தம்பிக்கும் எனக்கும் பல வருடமாக ஒத்துப்போவதில்லை.

கொட்டகைக்காரன்

வணக்கம், இன்று 128-ஆம் நாள். சொன்னபடி செய்தேன். வைக்கோலைக் குறைத்தேன், நான்கு வேளையாகப் பிரித்தேன். 6.5 கிலோ வரை பால் ஏறியது, 7-இலும் 7.5-இலும் அசையவில்லை. அதனால் 6.5-இல் நிறுத்திவிட்டேன். 7.5 கொடுத்த அன்று அசை எண்ணினேன், 38, 41, 39 என்று வந்தது. பயந்துபோய் அன்றே பின்வாங்கினேன். இப்போது 55 வருகிறது.

பால்: 92-ஆம் நாள் 13, 100-இல் 13.8, 107-இல் 14.4, 115-இல் 14.3, 128-இல் 14. இடுப்புக் குழியில் கை முன்புபோல் உட்காரவில்லை. 101-ஆம் நாள் மாலை பருவம் தெளிவாகத் தெரிந்தது, சளி தொங்கியது. 102 காலையில் ஊசி போட்டோம். 123-இல் திரும்பி வரவில்லை. சினையா என்று இன்னும் கை வைத்துப் பார்க்கவில்லை.

ஊசிக்காரர்

திரும்பி வராததை மட்டும் நம்பாதீர்கள், மங்கலான பருவம் கண்ணுக்குத் தப்பும். ஊசி போட்டு 60 நாள் ஆனதும் மருத்துவரை வைத்துச் சோதியுங்கள். பிடித்திருந்தால் 382-ஆம் நாளை ஒட்டி ஈனும், 322-இல் வற்றவிட வேண்டும்.

பால்நோட்டு

மாதம் 8 விழுக்காடு என்று வைத்தால் 322-இல் 8 லிட்டர் வர வேண்டும். சினை ஐந்து மாதம் தாண்டியதும் இறக்கம் கூடும், 6 அல்லது 7-ஐ எதிர்பாருங்கள். அதைக் கண்டு தீவனத்தைச் சட்டென்று வெட்டிவிடாதீர்கள். உடம்பை மூன்றேகாலுக்குக் கொண்டுபோக வேண்டியது அந்த மாதங்களில்தான், வற்றிய பிறகு இல்லை. அடுத்த ஈத்தில் கன்று குடிக்கும் பாலுக்கு நோட்டில் இப்போதே தனிக் கட்டம் போட்டுவையுங்கள்.

பழைய_கறவை

ஒன்றரை லிட்டர் ஏறியதைப் பார்த்தேன் தம்பி. 107-ஆம் நாளில் ஏறும் என்று நான் நினைக்கவில்லை. சோதனை முடிவை எழுதுங்கள், 102-இல் போட்டது நின்றதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.